“மெதுவாப் பேசு” என்று சொல்வதற்கு முன்: திக்கிப் பேசும் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், வீட்டில் உள்ள மற்ற பெரியவர்களுக்கும்,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. திக்கிப் பேசும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே ஒன்று கேட்பேன்: பிள்ளை திக்கும்போது வீட்டில் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “மெதுவாப் பேசுன்னு சொல்வோம். மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டுச் சொல்லுன்னு சொல்வோம். யோசிச்சுட்டுப் பேசுன்னு சொல்வோம்.” சொல்கிற எல்லாருமே பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனால் அந்த மூன்று வாக்கியங்களும் பிள்ளையின் காதில் எப்படி விழுகின்றன என்பதை உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் திக்குதல் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இரண்டு, மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளுமே தடுமாறித்தான் பேசுவார்கள். “அப்புறம், அப்புறம், நான் வந்து, நான் வந்து…” என்று முழுச் சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதில் சிரமம் இருக்காது, முகம் மாறாது. திக்கல் வேறு மாதிரி இருக்கும். சொல்லின் முதல் ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வரும்: “அ-அ-அ-அம்மா”. அல்லது ஒலி நீளும்: “ம்ம்ம்ம்மாமா”. அல்லது அடைத்துக்கொள்ளும். ‘பந்து’ என்று சொல்ல உதடு மூடும், மூடிய உதடு திறக்காது, சத்தமே வராது. பார்க்கிற நமக்கு ஒன்றிரண்டு நொடிதான். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது ரொம்ப நீளம். அந்த நேரத்தில் கண்ணை இறுக்கி மூடுவது, தலையை முன்னால் வெட்டுவது, காலைத் தரையில் தட்டுவது போன்றவை சேர்ந்துகொண்டால், அடைப்பை உடைத்து வெளியே வரப் பிள்ளை போராட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இது பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் தொடங்கும். பல வீடுகளில் திடீரென்று, ஒரு வாரத்துக்குள்ளேயே தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் குடும்பங்கள் அதை ஏதாவது ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுகின்றன. நாயைப் பார்த்துப் பயந்தான், தம்பி பிறந்தான், திக்கிப் பேசும் இன்னொரு பையனோடு விளையாடினான் என்று. இவை எதுவுமே காரணம் இல்லை. பேச்சுக்கு வேண்டிய அசைவுகளைத் திட்டமிட்டு, நேரம் பார்த்து இயக்கும் மூளைப் பகுதிகள் இந்தப் பிள்ளைகளிடம் சற்று வேறு விதமாக வேலை செய்கின்றன. அதில் மரபணுவின் பங்கு பெரியது. உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. இரவெல்லாம் இதை நினைத்து அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்னொரு தடவையும் சொல்கிறேன்: உங்களால் வந்ததில்லை.

திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ நின்றுவிடுகிறது. மீதிப் பேருக்குத் தொடர்கிறது. பையனாக இருப்பது, குடும்பத்தில் பெரியவரான பிறகும் திக்கலோடு இருப்பவர் ஒருவர் இருப்பது, மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியது, ஓராண்டு தாண்டியும் குறையாதது என்று சில அறிகுறிகள் தொடரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு பிள்ளைக்கு நிற்குமா, நிற்காதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைக்குக் கெடுதல் வராத மாதிரி நாம் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, “மெதுவாப் பேசு”வுக்கு வருவோம்.

“சின்னப் பிள்ளைதானே, அதுக்கு ஒண்ணும் தெரியாது” என்று பலர் சொல்வார்கள். தெரியும். மூன்று வயதிலேயே சில பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலோருக்குத் தெரியும். “என் வாய் வேலை செய்ய மாட்டேங்குது” என்று நான்கு வயதுப் பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிலர் சொல்லின் நடுவில் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். விளையாட்டு மைதானத்தில் இன்னும் வெளிப்படையாக நடக்கும். ஒரு பிள்ளை “இ-இ-இ-இது என்…” என்று தொடங்கும். கூட விளையாடுகிற பிள்ளைகள் கேலி செய்யக்கூட மாட்டார்கள். முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லாமல் நகர்ந்து போய்விடுவார்கள். சொல்ல வந்தது பாதியிலேயே நிற்கும்.

இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை உங்களிடம் எதையோ ஆசையாகச் சொல்லத் தொடங்குகிறது. முதல் சொல்லிலேயே அடைக்கிறது. “மெதுவா, மெதுவா” என்கிறீர்கள். பிள்ளைக்கு என்ன புரியும்? சொல்ல வந்த செய்தியை அம்மா கேட்கவில்லை, சொன்ன விதத்தைத்தான் கேட்டாள். நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன். முயற்சி செய்தால் சரியாக வந்திருக்கும், நான்தான் முயற்சி செய்யவில்லை. மூன்றாவதுதான் ரொம்பக் காயப்படுத்தும். ஏனென்றால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே முழு பலத்தோடு முயற்சி செய்துகொண்டிருக்கிறது.

“ஆனா நான் சொன்னா சரியாப் பேசுறானே!” என்பீர்கள். உண்மைதான், பல தடவை அப்படித்தான் நடக்கும். அதற்கு இரண்டு காரணம் உண்டு. திக்கல் தானாகவே ஏறி இறங்கும். ஒரு சொல்லில் அடைக்கும், அடுத்த தடவை அதே சொல் வழுக்கிக்கொண்டு வரும். நாம் இடையில் எதையாவது சொல்லியிருந்தால் அதனால்தான் வந்தது என்று தோன்றும். அதோடு, பேச்சின் மேலேயே முழுக் கவனத்தையும் வைத்தால் பிள்ளையால் சிறிது நேரம் சரளமாகப் பேச முடியும். ஆனால் நாள் முழுவதும் அப்படிக் கவனம் வைத்துப் பேச யாராலும் முடியாது. கதை சொல்லும்போது, சண்டை போடும்போது, ஆசையாக ஓடி வரும்போது கவனம் சொல்ல வந்த விஷயத்துக்குப் போய்விடும், திக்கல் திரும்ப வரும். பாட்டுப் பாடும்போதும், எல்லாரோடும் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும்கூடப் பெரும்பாலும் திக்காமல் வரும். அதைக் காட்டி “பாட்டுல வருதுல்ல, அப்போ பேச்சுல ஏன் வரல?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தாளம் கூட இருக்கும்போதும் மற்ற குரல்கள் கூட வரும்போதும் மூளைக்குக் கிடைக்கும் உதவி, தனியாகப் பேசும்போது கிடைப்பதில்லை.

பேச்சைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் மனதை வருத்தும் ஒரு சான்று இருக்கிறது. 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் ஊரில் இருந்த ஓர் அநாதை இல்லத்தில், மேரி டியூடர் என்ற மாணவி தன் முதுகலை ஆய்வுக்காக 22 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். வழிகாட்டியவர் அயோவா பல்கலைக்கழகத்தின் வெண்டல் ஜான்சன். தாமே திக்கலோடு வாழ்ந்தவர். அந்தப் பிள்ளைகளில் சாதாரணமாகப் பேசிய ஆறு பேரை ஒரு குழுவாக வைத்தார்கள். அவர்களிடம், உங்களுக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே பேசாதீர்கள் என்ற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. பின்னாளில் அந்தப் பதிவுகளை மறுபடி அலசியவர்கள், அந்தப் பிள்ளைகள் திக்கத் தொடங்கியதற்குச் சான்று இல்லை என்று கண்டார்கள். ஆனால் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டார்கள், ஒதுங்கினார்கள். 2001இல் இந்தச் செய்தி வெளியே பரவியபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது.

திக்கலே இல்லாத பிள்ளைகளிடம் சொன்னதற்கே அப்படி. உள்ளபடியே திக்குகிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஜான்சனின் கருத்திலிருந்து எதிர்ப்பக்கமாகவும் ஒரு தவறான அறிவுரை கிளம்பியது. பெற்றோர் ‘திக்கல்’ என்று பெயர் வைப்பதால்தான் திக்கலே உண்டாகிறது என்று அவர் நம்பினார். அதனால் கண்டுகொள்ளவே கூடாது, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பல தலைமுறைப் பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. பிள்ளை திணறிக்கொண்டிருக்கிறது, வீட்டில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறார்கள் என்று வையுங்கள். யாருமே பேசத் துணியாத ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றுதான் பிள்ளை முடிவு கட்டும். திருத்துவது ஒரு விதமான அழுத்தம் என்றால், மூடி மறைப்பதும் இன்னொரு விதமான அழுத்தம்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நாலரை வயதுப் பையன். திக்கல் தொடங்கி எட்டு மாதம். எட்டு வயதில் ஓர் அக்கா, படபடவென்று பேசுபவள். கூடவே தாத்தா. மாலை நேரத்தில் எல்லாரும் இயல்பாக இருக்கும்போது போனில் கொஞ்ச நேரம் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பதிவில் அம்மா பேசியது ஏறக்குறைய எல்லாமே கேள்விகள். “இன்னைக்கு என்ன பண்ணினே? யார்கூட விளையாடினே? டீச்சர் என்ன சொன்னாங்க? ஏன் அழுதியாம்?” ஒன்றுக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது. அவன் “நா-நா-நா-நாங்க வந்து” என்று தொடங்கினான். அக்கா உள்ளே புகுந்து மீதியைச் சொன்னாள். அவன் மறுபடி தொடங்கினான், சத்தம் வராமல் நின்றது. தாத்தா அவனுக்காகச் சொல்லை முடித்துக் கொடுத்தார், அதுவும் தப்பான சொல். அவன் “போ!” என்று கத்திவிட்டு எழுந்து போனான். பையனுக்குக் கோபம் அதிகம் என்று அந்த வீட்டில் ஒரு புகார் இருந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது பதிவிலேயே இருந்தது.

அவன் பேச்சை மாற்ற எதுவும் செய்ய வேண்டாம், உங்கள் பேச்சை மட்டும் மாற்றுங்கள் என்று சொன்னேன். அம்மா தினமும் ஐந்து நிமிடம் அவனோடு மட்டும் உட்கார வேண்டும். போன் கிடையாது, அக்கா கிடையாது. விளையாட்டை அவனே தேர்ந்தெடுப்பான், அம்மா பின்னால் போவார். அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா தன் பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இழுத்து இழுத்து ரோபோ மாதிரி பேச வேண்டியதில்லை, வாக்கியங்களுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதும். அவன் பேசி முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்ல வேண்டும். “அவசரம் இல்லை” என்பதை அந்த ஒரு நொடி இடைவெளியே சொல்லிவிடும், வாயால் சொல்ல வேண்டாம். கேள்விகளைக் குறைத்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். “என்ன கட்டுறே?” என்பதற்குப் பதில் “பெரிய கோபுரமா வருதே.” கேள்வி பதிலைக் கட்டாயப்படுத்தும். இந்த மாதிரி வாக்கியத்துக்கு அவன் விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் சும்மா இருக்கலாம்.

அக்காவுக்கு ஒரு விதி. ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர். இது தம்பிக்காக வைத்த விதி என்று தெரியக் கூடாது, தாத்தா உட்பட எல்லாருக்கும் பொது. தாத்தாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. “பிள்ளை திணறும்போது பார்த்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சும்மா இருக்கச் சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருங்கள், அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். ரொம்பவே அடைத்து அவனே நொந்துபோகும் நேரத்தில் மட்டும் அதைச் சாதாரணமாகச் சொல்லலாம்: “அந்த வார்த்தை வர மாட்டேன்னு அடம் பிடிச்சுது, இல்ல? பரவாயில்லை, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.” முட்டியில் அடிபட்டால் எவ்வளவு இயல்பாகப் பேசுவோமோ அவ்வளவு இயல்பாக.

சில வாரங்களில் திக்கல் மறைந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறையவில்லை. குறைந்தது, ஒரு சளிக் காய்ச்சலின்போது மறுபடி கூடியது, அப்புறம் குறைந்தது. ஆனால் வேறொன்று மாறியது. ஓடிப்போய் ஒளிந்துகொள்வதை விட்டுவிட்டான். தாத்தாவிடம் ஒரு நீளமான கதையை, நடுவில் நான்கைந்து இடத்தில் திக்கி, விடாமல் முடித்தான். தாத்தா போனில் கூப்பிட்டு அந்தக் கதையையே எனக்குத் திரும்பச் சொன்னார். எத்தனை தடவை திக்கினான் என்று அன்று அவர் எண்ணவில்லை.

உங்கள் வீட்டிலும் இதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எவ்வளவு திக்குகிறது என்பதைவிட, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறதா, தானாகப் பேச வருகிறதா என்று பாருங்கள்.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. “இன்னைக்குத் திக்கவே இல்லையே, சூப்பர்!” என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நாளைக்குத் திக்கினால் உங்களுக்குப் பிடிக்காது என்பதும் அதில் இருக்கிறது. அதனால் சொன்ன விஷயத்தைப் பாராட்டுங்கள். இங்கே குழப்பம் வரக்கூடும். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் என்ற சிகிச்சை முறையில், சரளமாக வந்த பேச்சைப் பெற்றோர் பாராட்டத்தான் செய்கிறார்கள். பள்ளிக்கு முந்தைய வயதில் அது பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்றும் உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வாராவாரம் பார்த்து, எப்போது, எவ்வளவு, எந்த வார்த்தைகளில் என்று பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்து நடத்துவது. அதில் பாதியைக் கேள்விப்பட்டு வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

பள்ளி வயது வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுக்கும். திக்கல் காதில் விழுவது குறையும், உள்ளே பயம் கூடும். ஏழெட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் ஒளித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். அடைக்கும் என்று தெரிந்த சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போடுவார்கள். ‘பச்சை’ வராது என்று தோன்றினால் ‘இலை நிறம்’ என்பார்கள். கேட்பவர்களுக்குப் பேச்சு கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும், திக்கல் தெரியாது. விடை தெரிந்த கேள்விக்கும் “தெரியாது” என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். சத்தமாக வாசிக்க வேண்டிய நாளில் மட்டும் வயிறு வலிக்கும். மாற்றவே முடியாத ஒரு சொல் உண்டு, அது தன் பெயர். அதனால்தான் திக்கலோடு வாழும் பலருக்குப் பெயரைச் சொல்வதே மிகக் கடினமாக இருக்கிறது. வகுப்பில் வரிசையாக எழுந்து ஆளாளுக்குப் பெயர் சொல்லும்போது, தன் முறை வருவதற்குள் அந்தப் பிள்ளை படும் பாடு பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. “இப்போ திக்கல் குறைஞ்சிருச்சு, ஆனா ஏனோ அமைதியாயிட்டா” என்று ஒரு பெற்றோர் சொன்னால், எனக்கு முதல் பாதியில் நம்பிக்கை வராது.

அந்த வயதில் பிள்ளையிடமே நேராகக் கேளுங்கள், ஆனால் தனியாக, பேச்சு சகஜமாக இருக்கும் ஒரு நேரத்தில். “சில சமயம் வார்த்தை அடைச்சுக்குதே, அப்போ நான் என்ன செஞ்சா உனக்கு நல்லா இருக்கும்?” என்று. சிலர் காத்திருக்கச் சொல்வார்கள். அபூர்வமாக ஒருவர், சொல்லை எடுத்துக் கொடுங்கள் என்பார். எதுவானாலும் அது அவர்கள் முடிவு. யாராவது கேலி செய்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆசிரியரிடம் பேசுவதற்கு முன் பிள்ளையின் சம்மதத்தையும் வாங்குங்கள். வாசிப்பிலிருந்து முழுவதுமாக விலக்கிவிடச் சொல்லாதீர்கள், அது பிள்ளையை வகுப்பிலிருந்து பிரித்துவிடும். இன்னொரு மாணவரோடு சேர்ந்து வாசிக்கலாமா, வரிசைக்காகக் காத்திருக்க விடாமல் முதலிலேயே கூப்பிடலாமா, வாய்மொழித் தேர்வுக்குக் கூடுதல் நேரம் தரலாமா என்று கேளுங்கள். இவற்றில் எது வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.

எப்போது சிகிச்சையாளரிடம் போவது என்று கேட்பீர்கள். பிள்ளை போராடுவது தெரிந்தால், பேச்சைத் தவிர்க்கத் தொடங்கினால், குடும்பத்தில் திக்கல் இருந்தால், உடனே போங்கள். இவை எதுவும் இல்லை, ஆனால் சில மாதங்களாகக் குறையவில்லை என்றாலும் போங்கள். “வளர வளரச் சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் ஒரு தடவை காட்டிவிட்டு வருவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. போகும்போது, நல்ல நாள் ஒன்று, மோசமான நாள் ஒன்று என வீட்டில் பேசிய இரண்டு பதிவுகளைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில், புது ஆள் முன்னால் பிள்ளை திக்காமலே பேசிவிடக்கூடும். பதிவு எடுப்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே எடுங்கள், எதற்காக என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளோடு வேலை செய்யும் ஒரு பேச்சு சிகிச்சையாளர்